ஸ்கூட்டரா, பைக்கா?

கேள்வி: தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் கல்லூரி போகிறேன். கையில் 45,000 ரூபாய்தான் இருக்கிறது. பழைய ஸ்கூட்டர் வாங்கலாமா, பைக்கா?

பதில்: ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை எட்டரை மணிக்கு ஊர்ந்து பார்த்தால் எல்லோருக்கும் ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று தோன்றும். கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போகும். ஆனால் உங்களுக்குப் போகவர சுமார் 35 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் 840. நெரிசலில் 110 சிசி ஸ்கூட்டர் லிட்டருக்கு 40 கொடுத்தால் 21 லிட்டர் பிடிக்கும். 100 சிசி பைக் 56 கொடுத்தால் 15 லிட்டர் போதும். மாதம் 600 ரூபாய் மிச்சம். உங்கள் நிலையில் நான் பைக்கைத்தான் எடுப்பேன். கல்லூரி ஐந்தாறு கிலோமீட்டரில் இருந்தால் இந்தக் கணக்கே எடுபடாது, ஸ்கூட்டரே சுகம்.

பழைய வண்டி பார்க்கும்போது, பின் சக்கரப் பல்சக்கரத்தின் நடுப்பகுதியில் செயினை விரலால் பின்பக்கம் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரியுமளவு தூக்கினால் செயின் செட்டே மாற்ற வேண்டும், விலையில் குறைக்கச் சொல்லலாம். ஸ்கூட்டர்தான் என்று முடிவெடுத்தால், கிளம்பும்போது உடம்பு அதிர்கிறதா என்று கவனியுங்கள். அதிர்ந்தால் பெரும்பாலும் கிளட்ச் பக்கம் செலவு காத்திருக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன்: உங்கள் லைசென்ஸ் கியர் வண்டிக்கு உரியதுதானே? கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்திருந்தால் பைக் ஓட்ட அது செல்லாது.