மதகும் மனிதரும் – சமூக ஒப்பந்தக் கோட்பாடு

நுழையும்முன்

ஒருவர் தம் விருப்பத்திற்கு மாறான விதிக்கும் கட்டுப்படுகிறார். தம்மைப் போன்ற மற்றொருவரின் ஆணையையும் ஏற்கிறார். அச்சத்தால் மட்டுமே அவ்வாறு செய்கிறாரா? அதில் அவருடைய உடன்பாடும் உண்டா? அந்த உடன்பாட்டுக்கு எல்லை எது? ஐரோப்பிய அரசியல் சிந்தனையாளர்கள் எழுப்பிய இவ்வினாக்களைத் தமிழகத்தின் ஏரிக்கரையிலிருந்தும் ஒரு வகுப்பறையிலிருந்தும் இப்பாடம் ஆராய்கிறது.

தலைமடையும் கடைமடையும்

சென்னைக்கு மேற்கே பரந்து விரிந்துள்ளது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழுக்கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இன்று சென்னைக்குக் குடிநீர் வழங்கும் இந்த ஏரி, முன்பு வயல்களுக்கு நீர் தந்த பாசன ஏரியாகும்.

ஏரிப்பாசனத்தில் இயல்பாகவே ஒரு பூசல் அடங்கியுள்ளது. மதகை அடுத்துள்ள தலைமடை வயலுக்கு நீர் முதலில் வந்து சேரும். தொலைவிலுள்ள கடைமடை வயலுக்கு எஞ்சிய நீரே கிடைக்கும். தலைமடை உழவர் வாய்க்காலை மறித்துத் தம் வயலை நிரப்பினால் கடைமடைப் பயிர் வாடும். கடைமடையார் இரவில் வந்து மடையை உடைத்தால் தலைமடையாரின் உழைப்பு வீணாகும். ஆகவே இருவருமே இரவெல்லாம் விழித்துக் காவல் காக்க நேரிடும்.

இத்தகைய நிலையையே ஆங்கிலச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸ் ‘இயற்கை நிலை’ என்றார். தம் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் வாழ்ந்த அவர், 1651ஆம் ஆண்டில் ‘லெவியதான்’ என்னும் நூலை வெளியிட்டார். பொது அதிகாரம் இல்லாத இடத்தில் வலியவருக்கும் பாதுகாப்பு இல்லை. ஏனெனில் எளியவர் பலர் ஒன்றுசேர்ந்தால் அவரை வீழ்த்திவிட முடியும். எனவே மக்கள் தமக்குள் உடன்பட்டு, தாமே முடிவெடுக்கும் உரிமையை ஒரு பொது அதிகாரத்திடம் ஒப்படைக்கின்றனர் என்பது அவர் வாதம். ஊரார் அமர்த்திய நீர்க்கட்டி முறைவைத்து நீர் பாய்ச்சுவதைத் தலைமடையார் ஏற்பதற்கும் இதுவே காரணம். அவர் இழப்பது ஓரளவு நீர்; பெறுவது அச்சமற்ற உறக்கம்.

அதிகாரத்திற்கும் கட்டுப்பாடு

நீர்க்கட்டியே தம் உறவினர் வயலுக்கு மட்டும் நீரைத் திருப்பினால் என்ன செய்வது? ஹாப்ஸின் கோட்பாட்டில் இதற்கு நிறைவான விடை இல்லை. பொது அதிகாரத்தைக் கட்டுப்படுத்தினால் மீண்டும் பூசல் மூளும் என அவர் அஞ்சினார். ஜான் லாக் இதை மறுத்தார். உயிர், உரிமை, உடைமை ஆகியவற்றைக் காப்பதற்காகவே மக்கள் அதிகாரத்தை நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கின்றனர். அந்த நம்பிக்கை சிதைந்தால் அதைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றார்.

லாக்கின் காலத்துக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, இந்த வினாவுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் ஒரு நடைமுறைத் தீர்வைக் கண்டிருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அவ்வாறு தேர்வானவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தில் இடம்பெற்றனர். பதவிக்காலம் 360 நாள்கள். பொறுப்பில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வாக இயலாது. குற்றம் செய்தவர் உடனே நீக்கப்பட்டார்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஓர் ஐயத்துக்கு விடையாகின்றன. குடத்தில் கைவிடும் சிறுவன் வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. காலவரம்பு, பதவி உடைமையாக மாறுவதைத் தடுக்கிறது. கணக்குக் காட்டும் கடமை, அதிகாரம் பிறருக்குரியது என்பதை நினைவூட்டுகிறது.

எனினும் இதை மக்கள் அனைவரின் ஒப்பந்தம் எனக் கூற இயலாது. இது பிரமதேய ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும் வேதக்கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன. அவ்வேரி நீரில் நடவு செய்த நிலமற்றோரின் பெயர் ஓலையில் இடம்பெறவில்லை. ஒப்பந்தம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதோடு, யார் யாருக்கிடையே செய்யப்பட்டது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

ஒரு வகுப்பறை ஒப்பந்தம்

ஒரகடம் தொழிற்பகுதியை அடுத்த பள்ளி ஒன்றின் பதினோராம் வகுப்பைக் கருதுக. மாணவர்கள் 40 பேர், கணினிகள் 10, வாரத்திற்கு ஒருமுறை 80 நிமிடம் செய்முறை வகுப்பு. விதி ஏதும் இல்லாதபோது முதலில் ஓடிச்சென்ற பத்துப் பேர் 80 நிமிடமும் அமர்ந்தனர். முப்பது பேர் நின்று பார்த்தனர். மணி அடிக்கும் முன்பே ஓட்டம் தொடங்கியது. இன்று முந்தியவர் அடுத்த வாரமும் முந்துவார் என்பதற்கு உறுதியில்லை.

மாணவர்கள் கூடிப் பேசினர். பத்துப் பேர் கொண்ட நான்கு குழுக்கள், குழுவுக்கு 20 நிமிடம், நேரம் பார்க்க ஒரு வகுப்புத் தலைவர் என முடிவாயிற்று. சில வாரங்களில் தலைவர் தம் நண்பர்கள் இருந்த குழுவுக்கு 30 நிமிடம் வழங்கினார்; கடைசிக் குழுவுக்கு 10 நிமிடமே எஞ்சியது. விளைவு உடனே புலப்பட்டது. விதியை அதுவரை மதித்தவர்களும் மீண்டும் ஓடத் தொடங்கினர். ஒப்பந்தம் முறிந்ததற்கு இதுவே அடையாளம். பிறர் கட்டுப்படுவர் என்ற நம்பிக்கை போனதும், தாம் மட்டும் கட்டுப்படுவது அவர்களுக்கு ஏமாளித்தனமாகத் தோன்றியது.

வகுப்பு மீண்டும் கூடியது. தலைவர் மாதந்தோறும் சீட்டுக் குலுக்கி மாற்றப்பட்டார். ஒவ்வொரு குழுவும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் சுவரிலிருந்த தாளில் எழுதப்பட்டன. தலைவரும் தம் குழுவின் நேரத்திலேயே அமர்ந்தார். ஓட்டம் நின்றது. 1762ஆம் ஆண்டில் ‘சமூக ஒப்பந்தம்’ என்னும் நூலை வெளியிட்ட ரூசோ வலியுறுத்திய கருத்து இங்குப் பொருந்துகிறது: தாமும் பங்கேற்று இயற்றிய விதிக்குக் கட்டுப்படுவது அடிமைத்தனம் ஆகாது, அதுவே விடுதலை.

புதிதாக வந்தவர்

தந்தையின் தொழிற்சாலைப் பணிக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் ஆண்டின் நடுவில் அவ்வகுப்பில் சேர்கிறார். விதி இயற்றப்பட்டபோது அவர் அங்கில்லை. அவர் ஏன் கட்டுப்பட வேண்டும்? ஓர் இடத்தின் பயனைத் துய்ப்பவர் அதன் விதிகளுக்கு உட்கிடையாக ஒப்புதல் அளிக்கிறார் என்பது லாக்கின் விடை. டேவிட் ஹியூம் 1748இல் இதை மறுத்தார். உறங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவர், கடலில் குதிக்கவில்லை என்பதற்காக மாலுமியின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டார் எனல் ஆகுமா என்று அவர் வினவினார்.

வகுப்பில் அமர்ந்திருப்பதால் மட்டும் மாணவியின் ஒப்புதல் கிடைத்துவிடாது. அவர் வருகையால் எண்ணிக்கை 41 ஆகிறது. ஏதேனும் ஒரு குழுவில் பதினொருவர் இருந்தாக வேண்டும். எந்தக் குழு என்பதைப் பழைய நாற்பது பேரே முடிவு செய்தால், அவர் விதிக்கு உட்பட்டவர் மட்டுமே. அவரும் அமர்ந்து பேசி, அடுத்த மாதச் சீட்டில் அவர் பெயரும் இடம்பெற்றால், அவரும் விதியை இயற்றியவர் ஆகிறார். உத்திரமேரூர் ஓலையில் பெயரின்றி நின்றோருக்குக் கிடைக்காத இடம் இது.

சிந்தனை வினாக்கள்

1. பொது அதிகாரம் குறித்து ஹாப்ஸும் லாக்கும் வேறுபடும் இடத்தை நீர்க்கட்டியின் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
2. குடவோலை முறையின் விதிகளுள் இரண்டனைத் தேர்ந்து, அவை எந்த முறைகேட்டைத் தடுக்க வகுக்கப்பட்டன எனக் காட்டுக.
3. புதிதாகச் சேர்ந்த மாணவி விதிக்குக் கட்டுப்பட வேண்டுமா? லாக், ஹியூம் ஆகியோர் கருத்துகளை ஒப்பிட்டு உம் கருத்தை நிறுவுக.