"மாணவர் ஆலோசகர்" வேலை: கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

ஊர் திரும்பிய குடும்பங்களில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கும், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து பட்டம் பெற்று வந்தவர்களுக்கும் சில வேலை விளம்பரங்கள் கண்ணில் படும். இணையவழி வகுப்பு நடத்தும் கொம்பனிகளும் ரியூசன் நிறுவனங்களும் "மாணவர் ஆலோசகர்", "கல்வி இணைப்பாளர்", "பாட உள்ளடக்க எழுத்தாளர்" என்ற பெயர்களில் ஆட்களைத் தேடுகின்றன. முற்பணம் கேட்பதில்லை. கணினி அறிவு சிறிது இருந்தால் போதும் என்கிறார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் நல்லவையும் உண்டு. ஆனால் பெயரை வைத்து எது நல்லது என்று சொல்ல முடியாது. எதைப் பார்த்துச் சொல்லலாம் என்பதே இந்தப் பாடம்.

பெரிய கொம்பனி ஒன்றில் நடந்தது

இந்தியாவில் இருந்து திரும்பியவர்களுக்கு "பைஜூஸ்" என்ற பெயர் தெரிந்திருக்கும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கொம்பனி 2015இல் தனது கற்றல் செயலியை வெளியிட்டு, சில ஆண்டுகளில் இந்தியாவின் மிகப் பெரிய கல்வித் தொழில்நுட்பக் கொம்பனியாக வளர்ந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் பட்டதாரிகளில் பலர் "வணிக மேம்பாட்டு உதவியாளர்" என்ற பதவியில் இருந்தார்கள். அவர்களின் உண்மையான வேலை, பெற்றோரைச் சந்தித்துப் பாடத்திட்டத்தை விற்பது. கையில் காசில்லாத பெற்றோருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் வழியாகத் தவணை ஒழுங்கு செய்யப்பட்டது. வாராந்த இலக்கை எட்டும்படி கடுமையான நெருக்குதல் இருந்ததாக முன்னாள் ஊழியர்கள் செய்தியாளர்களிடம் கூறினார்கள். கொம்பனி அதை மறுத்தது.

2022 டிசம்பரில் இந்தியாவின் தேசிய சிறுவர் உரிமைப் பாதுகாப்பு ஆணைக்குழு, இந்த விற்பனை முறை பற்றி விளக்கம் தரும்படி கொம்பனியின் தலைவரை அழைத்தது. அதன் பின்னர், மாத வருமானம் 25,000 இந்திய ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு இனி விற்பதில்லை என்று கொம்பனி அறிவித்தது. அதற்கு முன்பு அப்படியான குடும்பங்களுக்கும் விற்பனை நடந்தது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் அந்தக் கொம்பனி மீது வங்குரோத்து நடவடிக்கையைத் தொடங்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இவ்வளவு பெரிய இடத்தில் நடந்ததே நகரத்தில் மாடி அறை ஒன்றில் இயங்கும் சிறிய நிறுவனத்திலும் நடக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்.

1. சம்பளத்தில் நிலையானது எவ்வளவு?

உதாரணத்துக்கு ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். "மாதம் 75,000 ரூபா வரை" என்று போட்டிருக்கிறது. நேர்முகத்தில் விபரம் கேட்டால், அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. சேர்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் 4,500 ரூபா கொமிஷன். மாத இலக்கு 10 மாணவர்கள். ஆறு பேருக்குக் குறைவாகச் சேர்த்தால் கொமிஷன் கிடையாது.

மூதூரில் இருந்து நகரத்துக்கு வந்து போகும் ஒரு பிள்ளை இந்த வேலையில் சேர்ந்து, முதல் மாதம் நான்கு மாணவர்களைச் சேர்த்ததாக வைப்போம். கொமிஷன் இல்லை. 30,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழிந்தால் கையில் 27,600. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 400 ரூபா என்றால் 24 நாட்களுக்கு 9,600. தன்னுடைய தொலைபேசியில் பேசுவதற்கு ரீலோட் 1,500. மிஞ்சுவது 16,500 ரூபா. விளம்பரத்தில் கண்ட 75,000க்கும் இதற்கும் உள்ள தூரத்தை வீட்டில் எல்லோரும் இருந்து பேசிய பிறகே முடிவெடுங்கள்.

"அடிப்படைச் சம்பளமே இல்லை, கொமிஷன் மட்டும்தான்" என்றோ, "முதல் மூன்று மாதம் பயிற்சி, 15,000தான்" என்றோ சொன்னால் கவனமாக இருங்கள். இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியரின் 8 வீதத்துக்கு மேலாக, தொழில் கொள்வோர் தமது பணத்தில் இருந்து சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். "நீங்கள் ஊழியர் இல்லை, சுயாதீன முகவர்" என்று கடிதத்தில் எழுதினால், இந்தக் கொடுப்பனவுகளைத் தவிர்ப்பதே பெரும்பாலும் நோக்கம். அப்படி எழுதிவிட்டு, காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்திடவும் சொன்னால் அதை யாரிடமாவது காட்டாமல் ஒப்பமிட வேண்டாம்.

2. இலக்கு உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா?

மாதம் 10 மாணவர் என்றால் ஆண்டுக்கு 120 பேர். அலுவலகத்தில் ஐந்து பேர் இதே வேலையைச் செய்தால் 600 பேர். பாடத்திட்டத்தின் விலை 60,000 ரூபா என்று வைப்போம். இனி உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவை நினைத்துப் பாருங்கள். சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் 60,000 ரூபா கொடுக்கக்கூடிய வீடுகள் எத்தனை? இந்தக் கணக்கு ஆறாம் மாதத்தில் முடிந்துவிடும் என்றால் ஏழாம் மாதம் உங்கள் சம்பளம் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் நெருக்குதல் தொடங்குகிறது. முதல் நாளிலேயே "உங்களுக்குத் தெரிந்த 50 பேரின் தொலைபேசி இலக்கம் தாருங்கள்" என்று கேட்பார்கள். உங்கள் மாமி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் சந்திப்பவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். இப்போதுதான் காணி துப்புரவாக்கி, வலை வாங்கி, வீட்டுக்குக் கூரை போடும் குடும்பம் உங்கள் முகத்துக்காகத் தவணைப் படிவத்தில் கையெழுத்திடும். பிள்ளைக்கு வகுப்பு பிடிக்காவிட்டாலும், டேட்டா போதாமல் பார்க்க முடியாவிட்டாலும் கடன் நிற்காது. கொம்பனியின் அதிகாரி கொழும்பில் இருப்பார். அந்த வீட்டு வாசலைத் தினமும் தாண்டிப் போக வேண்டியவர் நீங்கள்.

ஆகவே நேர்முகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெற்றோருக்குக் கடன் கொடுப்பது யார்? எத்தனை நாட்களுக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பும்? பெற்றோர் இடையில் விலகினால், எனக்குத் தந்த கொமிஷனை அடுத்த சம்பளத்தில் கழிப்பீர்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருகிற நிறுவனம் ஓரளவு நம்பத்தக்கது. "அதெல்லாம் பயிற்சியில் சொல்வோம்" என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஆட்கள் எத்தனை மாதம் நிற்கிறார்கள்?

இதை அறிய ஒரு எளிய வழி உண்டு. அலுவலகத்தில் மேசைகள் எத்தனை என்று எண்ணுங்கள். மாதத்துக்கு எத்தனை பேரைப் புதிதாக எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 20 மேசைகள் இருந்து, மேசைகள் கூடாமலே மாதந்தோறும் 10 பேரை எடுத்தால், ஒருவர் சராசரியாக இரண்டு மாதமே நிற்கிறார்.

சில இடங்களில் இது திட்டத்தின் பகுதியாகவே இருக்கும். புதிதாக வருபவர் 50 தொலைபேசி இலக்கங்களோடு வருகிறார். அவை முடிந்ததும் அவருக்கு விற்பனை விழுகிறது. இலக்குத் தவறியதாக ஏசுகிறார்கள். அவர் தானாக விலகுகிறார். அடுத்தவர் வேறு 50 இலக்கங்களோடு வருகிறார். ஒரே விளம்பரம் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். "எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் எவ்வளவு காலம் வேலை செய்தார்? அவருடன் பேசலாமா?" என்றும் கேளுங்கள்.

4. பாடம் எழுதும் வேலை பாதுகாப்பானதா?

விற்பனை பிடிக்காதவர்கள் வினாத்தாள் தயாரித்தல், பாடம் எழுதுதல், மொழிபெயர்த்தல் போன்ற வேலைகளை விரும்புகிறார்கள். வீட்டில் இருந்தே செய்யலாம் என்பதால் பெண்களுக்கு இது வசதி. இங்கே பார்க்க வேண்டியது மணித்தியாலக் கணக்கு. ஒரு வினாவுக்கு 40 ரூபா, மாதம் 300 வினா என்றால் 12,000 ரூபா என்று தோன்றும். ஒரு வினாவும் விடையும் விளக்கமும் எழுத 20 நிமிடம் போனால் 300 வினாவுக்கு 100 மணித்தியாலம். அவற்றில் 120 வினாக்களை "தரம் போதாது" என்று தள்ளினால் 180க்கு மட்டும் 7,200 ரூபா கிடைக்கும். அதாவது மணிக்கு 72 ரூபா. தள்ளப்பட்ட வினாக்களைக் கொம்பனி பாவிக்காது என்று எழுதித் தருகிறதா என்று கேளுங்கள். முதலில் 20 வினா மட்டும் எழுதிக் கொடுத்து, அதற்கான பணம் வந்த பிறகு தொடர்வது நல்லது.

மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கும் விற்பனையின் சரிவு வந்து சேரும். 2022 ஒக்டோபரில் பைஜூஸ் சுமார் 2,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது அதில் உள்ளடக்கப் பிரிவும் இருந்தது. அந்த மாதம் கேரளாவில் திருவனந்தபுரம் அலுவலகத்தில் ஊழியர்களிடம் பதவி விலகல் கடிதம் கேட்கப்பட்டது. அவர்கள் கடிதம் கொடுக்காமல், தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு ஒன்றின் துணையோடு மாநிலத் தொழில் அமைச்சரைச் சந்தித்தார்கள். சில நாட்களில் கொம்பனி அந்த முடிவைக் கைவிட்டு, அலுவலகத்தைத் தொடர்ந்து நடத்துவதாகக் கூறியது.

இது எங்களுக்கும் பொருந்தும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். "நீங்களே விலகுவதாக எழுதித் தாருங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்று கேட்பதன் காரணம் இதுதான். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அன்றே எதையும் எழுதிக் கொடுக்காமல், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று வெளியே வாருங்கள்.

வைத்திருக்க வேண்டியவை

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், இலக்குப் பற்றி வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வையுங்கள். சம்பளம் வராவிட்டாலோ சேமலாப நிதி கட்டப்படாவிட்டாலோ இவற்றுடன் தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். எந்தத் திகதியில் சேர்ந்தீர்கள், எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், எவ்வளவு தந்தார்கள் என்ற மூன்றையும் முதல் பந்தியிலேயே எழுதுங்கள்.