பச்சை மைப் பேனாவைத் திறக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்துவிட்டாய். இனி ஓ.பி. வரிசையில் காய்ச்சல்காரருக்குப் பின்னால் ஜெராக்ஸ் கத்தையோடு ஒருவர் நிற்பார். சுற்று வட்டாரத்தில் கெஜட்டட் ஆபீசர் என்று எளிதில் பிடிக்கக் கிடைப்பவர் அரசு டாக்டர்தான். தாசில்தார் கூட்டத்தில் இருப்பார், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் தேர்வுப் பணியில் இருப்பார்.

அந்தத் தகுதி உன் எம்.பி.பி.எஸ். பட்டத்தால் வந்ததில்லை, நீ வகிக்கும் அரசுப் பதவியால் வந்தது. அதனால்தான் முப்பது வருடம் பிராக்டிஸ் செய்த தனியார் டாக்டருக்கு அது கிடையாது. கிராம நிர்வாக அலுவலருக்கும் கிடையாது. வங்கி மேலாளரைச் சில படிவங்கள் ஏற்றுக்கொள்ளும்; அதனால் அவர் கெஜட்டட் ஆகிவிட மாட்டார். ஓய்வு பெற்ற நாளோடு எனக்கும் அது போயிற்று. பழைய பழக்கத்தில் இன்னமும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், உன்னிடம்தான் அனுப்புகிறேன்.

உன் மேஜையில் இப்போது இருக்கும் சீல் மருந்துச்சீட்டுக்கானது: பெயர், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண். சான்றொப்பத்துக்கு அது போதாது. உன் பெயர், பதவி, நிலையத்தின் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் தெளிவாக விழ வேண்டும். கூடவே அலுவலக வட்ட முத்திரை, கையெழுத்து, தேதி. பச்சை மை வழக்கம்தான். அதைவிடப் பெயர் படிக்க முடிகிறதா என்பதே முக்கியம். மை காய்ந்த பேடில் அழுத்திய சீலில் பாதி எழுத்து விழாது. கவுன்ட்டரில் இருப்பவர் யார் கையெழுத்திட்டார் என்று தெரியாமல் திருப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரே சீலால் நீ இரண்டு வேறு வேலைகள் செய்யப் போகிறாய். ஜெராக்ஸில் ‘ட்ரூ காப்பி’ என்று ஒப்பமிட்டால், அசலைப் பார்த்தேன், நகல் அதேபோல் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அசல் போலியா என்பதற்கு நீ பொறுப்பில்லை. அசலைப் பார்க்காமல் போட்டால் முழுப் பொறுப்பும் உன்னுடையது. ஆதார் சான்றிதழ் படிவம் அப்படியல்ல. அதில் இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று சொல்கிறாய். அங்கே கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடி.

முகவரி மாற்ற ஒரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள். மகன் வீட்டில் வசிக்கிறார், பாட்டி பெயரில் எந்தப் பில்லும் இல்லை. ஆதார் ஆணையத்தின் படிவத்தைச் சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டால் போதும், லெட்டர்ஹெட் வேண்டாம். புகைப்படத்தை ஒட்டியபின் உன் கையெழுத்தும் சீலும் பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் அழகாகச் சீல் வைத்துக் கொடுத்தால் மையத்தில் திருப்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்தப் படத்தைப் பிய்த்து வேறு படம் ஒட்டலாம். கதவு எண்ணை அடித்துத் திருத்தாதே, வேறு படிவம் எடு. தேதி போட்டதிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். பாட்டி அதைப் பெட்டியில் பூட்டிவைத்துப் பொங்கலுக்குப் பேரன் வந்ததும் போகலாம் என்று காத்திருப்பார். அதை வாய்விட்டுச் சொல்லி அனுப்பு.

எல்லாம் சரியாக இருந்தும் சில இடங்களில் வாங்க மாட்டார்கள். ரப்பர் ஸ்டாம்ப் எந்தக் கடையிலும் செய்து தருவார்கள். உன்னைப் போல ஒருவர் உண்மையில் இருக்கிறாரா என்று சென்னையில் இருக்கும் குமாஸ்தாவால் சரிபார்க்க முடியாது. 2013, 2014-இல் ஒன்றிய அரசு சுய சான்றொப்பத்தை வலியுறுத்தியதற்கு மக்களின் அலைச்சலோடு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. விண்ணப்பதாரரே கையெழுத்திடுவார், கடைசியில் அசலைக் காட்டுவார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் அப்படித்தான். வெளிநாட்டு வேலைக்கு அப்போஸ்டில் வேண்டுமென்றால், அதற்கென நியமிக்கப்பட்டவர்களின் மாதிரிக் கையெழுத்தோடுதான் ஒப்பிடுவார்கள். அந்தக் கோப்பில் உன் கையெழுத்து இருக்காது. பிரமாணப் பத்திரம் என்றால் நோட்டரியிடம் அனுப்பு, சத்தியம் வாங்குவது உன் வேலையில்லை. ஆகவே பேனாவைத் திறக்கும் முன், எந்த ஆபீஸில் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேள். அவர்களுக்கு ஒரு பஸ் கட்டணமாவது மிச்சம்.

சிலர் நீ ஒப்பமிட்ட தாளையே ஜெராக்ஸ் எடுத்து நாலு இடத்தில் கொடுப்பார்கள். சீலும் கையெழுத்தும் ஒரே கறுப்பில் தட்டையாக இருந்தால் அது நகலின் நகல், எங்கும் எடுபடாது. தேவைப்படும் பிரதிகளை முதலிலேயே கொண்டுவரச் சொல்.

சீலை மருந்தாளுநர் மேஜையில் விட்டு வைக்காதே. ஒரு நோட்டில் தேதி, பெயர், என்ன தாள் என்று ஒரு வரி எழுதிக்கொள். மாற்றல் உத்தரவு வந்ததும் பழைய ஊர்ப் பெயருள்ள சீலைக் கத்தியால் கீறி எறிந்துவிட்டு, புதிய நிலையத்தில் சேர்ந்தபின் வேறு செய்துகொள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உன் மூத்த சகா