37 வயதில் கருமுட்டையை உறைய வைத்தால் பலன் உண்டா?

கேள்வி: டாக்டர், எனக்கு 37 வயது. திருச்செந்தூரில் பள்ளி ஆசிரியை. தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்த பிறகுதான் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள், இன்னும் அமையவில்லை. கருமுட்டையை உறைய வைக்கலாமா என்று திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் கேட்டேன். ஏ.எம்.எச். 1.2 இருக்கிறது, ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்து 8 முட்டைப்பைகள் தெரிகின்றன என்றார். "டயானா ஹைடன் இப்படித்தானே குழந்தை பெற்றார்" என்கிறாள் தோழி. அம்மாவோ, இப்போதே எடுத்துவிட்டால் இருப்பதும் தீர்ந்துவிடுமே என்று பயப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடுவோம். ஒவ்வொரு மாதமும் பல முட்டைப்பைகள் வளரக் கிளம்பும். அவற்றில் ஒன்றுதான் முதிரும்; மற்றவை அந்த மாதமே வாடிப் போகும். நாங்கள் போடும் ஊசி, வாடிப்போகிறவற்றையும் சேர்த்து வளர்க்கிறது. அடுத்த மாதங்களுக்கு உள்ளதை அது தொடுவதில்லை.

டயானா ஹைடன் 2016 ஜனவரியில் பெண் குழந்தை பெற்றபோது அவருக்கு வயது 42. ஆனால் அந்த முட்டைகள் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, அவருடைய முப்பதுகளின் நடுவில் எடுக்கப்பட்டவை. கணக்கில் வருவது முட்டை எடுத்தபோது இருந்த வயதுதான். பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. வருடங்கள் போகப் போக, அவற்றுக்குள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்கிறது. பிரியும்போது ஒன்று கூடும், அல்லது குறையும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தங்காது, அல்லது கலைந்துவிடும். ஏ.எம்.எச். எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. தரத்தை உங்கள் வயதை வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கணிப்பு உங்களுக்கு உதவும். ஒரு குழந்தையாவது பிறக்க நூற்றுக்கு 75 வாய்ப்பு வேண்டுமென்றால், 34 வயதில் 10 முதிர்ந்த முட்டைகள் போதும். 37-இல் 20 வேண்டும். 42-இல் 61 வேண்டும்.

உங்கள் 8 முட்டைப்பைகளிலிருந்து ஒரு சுற்றில் 5 முதிர்ந்த முட்டைகள் கிடைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உருக்கும்போது அநேகமாக 4 பிழைக்கும். ஒவ்வொன்றிலும் விந்தணுவை ஊசியால் செலுத்தினால் 3 கருவாகும். ஐந்தாம் நாள்வரை வளர்வது ஒன்றோ இரண்டோதான். ஆகவே ஒரு சுற்றோடு நிறுத்தினால் உங்கள் வாய்ப்பு நூற்றுக்கு 30-க்குப் பக்கம்தான்; இரண்டு சுற்றானால் பாதிக்குப் பாதி; மூன்றானால் 65-ஐ எட்டலாம். இதே 5 முட்டைகளை 34 வயதில் எடுத்திருந்தால் ஒரே சுற்றில் பாதி வாய்ப்பு இருந்திருக்கும்.

வழிமுறை இதுதான். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் போட வேண்டும், நீங்களே போட்டுக்கொள்ளலாம். இந்த மருந்துகளில் சில குளிரில்தான் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் வாங்கினால் ஐஸ் பேக் வைத்த பெட்டியில் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீஸரில் வேண்டாம். நடுவில் நாலைந்து முறை ஸ்கேனுக்குப் போக வேண்டியிருக்கும். பைகள் போதிய அளவு வளர்ந்ததும் கடைசி ஊசி ஒன்று. அதைச் சொன்ன மணிக்குப் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அது தானே வெளியேறிவிடும். எடுக்கும் நாள் சூரசம்ஹாரத்தை ஒட்டி வருவதாக இருந்தால் அந்த நெரிசலில் பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள், முந்தின நாளே திருநெல்வேலியில் தங்கிவிடுங்கள். மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடி பிறப்புறுப்பு வழியாக ஊசியால் எடுப்போம். கால் மணி, இருபது நிமிட வேலை. கல்யாணமாகாதவர்கள் பலர் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: வழக்கமான வழி இதுதான், முன்கூட்டியே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். முதிர்ந்த முட்டைகளை மட்டும் பிரித்து, நொடியில் உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் கவனமாக இருங்கள். வயிறு லேசாக உப்புவது சகஜம். எடை சட்டென்று ஏறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கருப்பை வீங்கியதால் அல்ல. தூண்டப்பட்ட சினைப்பை காரணமாக உடலுக்குள் நீர் கோத்துக்கொள்வது. முட்டைகள் நிறைய வளர்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

கல்யாணமாகாதவர் என்பது சட்டப்படி தடையில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் இதை அனுமதிக்கிறது. சிகிச்சைக்கு உச்ச வயது 50. பதிவு பெற்ற மையம்தானா, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வருடக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

என் கருத்து இது. இரண்டு சுற்றுக்காவது பணமும் லீவும் இருந்தால், அடுத்த மாதவிலக்கிலேயே தொடங்குங்கள். ஒரு சுற்றுக்குத்தான் முடியும் என்றால், 30 சதவீதத்துக்கு அந்தச் செலவு தகுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதற்குள் வரன் அமைந்துவிட்டால் இதை விட்டுவிட்டு இயல்பாக முயலுங்கள். ஆறு மாதத்தில் கரு தங்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். முதல் சுற்று முடிந்ததும் "எத்தனை எடுத்தீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை முதிர்ந்தவை, எத்தனை உறைய வைத்தீர்கள்" என்று கேளுங்கள். இரண்டோ மூன்றோதான் என்றால், இரண்டாம் சுற்றுக்கு முன் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று அந்த மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.