ஊசலும் தோராயத்தின் எல்லையும்

நுழையும்முன்

தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கூறும் வாய்பாடு பள்ளி ஆய்வகத்தில் அனைவரும் அறிந்தது. அவ்வாய்பாடு முழு உண்மை அன்று. உண்மைக்கு மிக அருகில் நிற்கும் ஒரு தோராயம். ஊசல் எவ்வளவு கோணம் வரை விலகலாம், அந்த எல்லையை முடிவு செய்வது எது என்பனவற்றைத் தஞ்சை மண்ணோடு தொடர்புடைய ஒரு நிகழ்வின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

சமவெளியில் ஓர் உயரம்

காவிரிக் கழிமுகம் நெல்வயல்கள் பரந்த சமவெளி. தொலைவைப் பார்த்து அளக்கக் குன்றுகள் அங்கே இல்லை. எனவே, தென்னிந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த வில்லியம் லாம்டன், கழிமுகப் பகுதியில் கோவில்களின் உயர்ந்த கட்டடங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தில் ஏற்றுவதற்காக, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானி கயிற்றில் மேலே இழுக்கப்பட்டது. கருவி சுவரில் உரசாதவாறு மற்றொரு கயிறு அதனைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்தது. அக்கயிறு அறுந்தது. கருவி சுவரை நோக்கி வீசி மோதிச் சேதமுற்றது. லாம்டன் அதனைச் சீர்செய்ய வாரக்கணக்கில் உழைக்க நேர்ந்தது.

பக்கக் கயிறு அறுந்த அந்த நொடியில் கருவி ஓர் ஊசலாக மாறியது. மேலிருந்து தொங்கும் கயிறு, அதன் முனையில் ஒரு பளு, நேர்க்குத்து நிலையிலிருந்து சிறிது விலகிய ஒரு கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதுவே தனி ஊசல்.

ஊசலின் சமன்பாடு

ஊசல் குண்டின் நிறை m, கயிற்றின் நீளம் l, நேர்க்குத்துக் கோட்டிலிருந்து விலகிய கோணம் θ என்க. குண்டின் எடை mg கீழ்நோக்கிச் செயல்படுகிறது. அதில் ஒரு பகுதி கயிற்றின் திசையில் அமைந்து கயிற்றின் இழுவிசையால் தாங்கப்படுகிறது. எஞ்சிய பகுதியாகிய mg sin θ, குண்டு செல்லும் வில்லின் திசையில் அமைந்து, அதனை நடுநிலைக்குத் திருப்பி இழுக்கிறது. இதுவே மீட்பு விசை. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி,

m l (d²θ/dt²) = −mg sin θ

இருபுறமும் உள்ள m நீங்குகிறது. எனவே,

d²θ/dt² = −(g/l) sin θ

நிறை நீங்கியதால், அரை டன் கருவியும் அதே நீளக் கயிற்றில் கட்டிய சிறு கல்லும் ஒரே கால அளவில் ஆடும். இதுவரை கோணத்தில் தோராயம் எதுவும் செய்யப்படவில்லை. ஆனால், இச்சமன்பாட்டில் θ நேரடியாக இல்லாமல் sin θ என்னும் வடிவில் இருப்பதால், பள்ளிக் கணிதத்தில் பயிலும் சார்புகளைக் கொண்டு இதன் தீர்வை எழுத இயலாது.

கோணம் சிறிதானால்

கோணத்தை ரேடியனில் அளந்தால், சிறு கோணங்களுக்கு sin θ ஏறத்தாழ θ-வுக்குச் சமம். ஆரம் ஒன்றாக உள்ள வட்டத்தில் θ என்பது வில்லின் நீளம். Sin θ என்பது அவ்வில்லின் முனையிலிருந்து கீழே வரையப்படும் செங்குத்தின் நீளம். கோணம் சிறிதாக இருக்கும்போது வில்லும் செங்குத்தும் பிரித்தறிய இயலாதபடி நெருங்கி நிற்கின்றன. sin θ-வின் இடத்தில் θ-வை எழுதினால்,

d²θ/dt² = −(g/l) θ

முடுக்கம் விலகலுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இது தனிச்சீரிசை இயக்கம். இவ்வாறு வளைந்த உறவை நேர்கோட்டு உறவாக மாற்றுவதே நேரியலாக்கம். இதிலிருந்து கிடைக்கும் அலைவு நேரம்,

T₀ = 2π √(l/g)

இவ்வாய்பாட்டில் வீச்சுக்கு இடமே இல்லை. ஊசலை ஒரு பாகையில் விட்டாலும் அறுபது பாகையில் விட்டாலும் T₀ ஒன்றே என அது கூறுகிறது. தோராயத்தின் குறைபாடு இங்கேதான் மறைந்திருக்கிறது.

விலகல் எங்கே தொடங்குகிறது?

sin θ எப்போதும் θ-வைவிடச் சிறியது. ஆகவே உண்மையான மீட்பு விசை, நேரியலாக்கிய சமன்பாடு கருதும் விசையைவிடக் குறைவு. குறைந்த விசையால் இழுக்கப்படும் குண்டு தாமதமாகவே நடுநிலைக்குத் திரும்பும். எனவே உண்மையான அலைவு நேரம் T₀-வைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும், ஒருபோதும் குறையாது. வீச்சு θ₀ எனில், முதல் திருத்தம் பின்வருமாறு அமைகிறது:

T ≈ T₀ (1 + θ₀²/16)

இங்கு θ₀ ரேடியனில் இருத்தல் வேண்டும். திருத்தம் கோணத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வீச்சு இரு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும்.

| வீச்சு | ரேடியனில் θ₀ | sin θ₀ | T₀-வைவிட T மிகும் அளவு |
|---|---|---|---|
| 5° | 0.0873 | 0.0872 | 0.05% |
| 10° | 0.1745 | 0.1736 | 0.19% |
| 20° | 0.3491 | 0.3420 | 0.77% |
| 30° | 0.5236 | 0.5000 | 1.7% |
| 60° | 1.0472 | 0.8660 | 7.3% |

பத்து பாகைக்குக் கீழே பிழை கண்ணுக்குப் புலப்படாது. அறுபது பாகையில் அது வெளிப்படையாகத் தெரியும். ஆற்றங்கரை மரக்கிளையில் 2.5 மீட்டர் கயிற்றில் ஆடும் ஊஞ்சலைத் தனி ஊசலாகக் கொண்டால், T₀ ஏறத்தாழ 3.18 நொடி. அறுபது பாகை வீச்சில் அது 3.41 நொடியாகிறது. பத்து அலைவுகளில் இரண்டு நொடிக்கு மேல் வேறுபாடு எழும்.

ஆய்வகத்தில் ஓர் எடுத்துக்காட்டு

தஞ்சையின் குறுக்குக்கோட்டுக்குரிய புவியீர்ப்பு முடுக்கம் கணக்கின்படி 9.782 மீ/நொடி². அங்குள்ள ஓர் ஆய்வகத்தில் ஒரு மீட்டர் ஊசலின் T₀ 2.009 நொடி, இருபது அலைவுகளுக்கு 40.18 நொடி. மாணவர் ஒருவர் ஊசலை இருபது பாகை விலக்கி விடுகிறார் என்க. கடிகாரம் 40.49 நொடி காட்டும். அந்நேரத்தைத் T₀ வாய்பாட்டில் இட்டு g-யைக் கணக்கிட்டால், 9.63 என்னும் குறைந்த மதிப்பே கிடைக்கும்.

இப்பிழை கைத்தவற்றால் நேர்ந்ததா, தோராயத்தால் நேர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் தவறு சிலவேளை கூடுதலாகவும் சிலவேளை குறைவாகவும் அமையும். பலமுறை அளந்து சராசரி கண்டால் அது குறையும். தோராயத்தின் பிழையோ எப்போதும் ஒரே பக்கம் சாயும். எத்தனை முறை அளந்தாலும் g குறைவாகவே வரும். வீச்சை மாற்றி மாற்றி அளந்து, T-யை θ₀²-க்கு எதிராக வரைபடம் வரைந்தால், சிறு வீச்சுகளில் அது ஏறுமுகமான நேர்கோடாக அமையும். அக்கோட்டை வீச்சு சுழியாகும் இடம் வரை நீட்டினால் T₀ கிடைக்கும்.

கைக்கடிகாரத்தால் அளப்பதில் 0.2 நொடி ஐயம் உண்டு எனக் கொள்வோம். இருபது அலைவுகளை எண்ணும்போது, தோராயத்தின் பிழை இந்த 0.2 நொடியை எட்டுவது ஏறத்தாழ பதினாறு பாகையில். நூறு அலைவுகளை எண்ணினால், அதே வீச்சு குறையாமல் நிலைத்திருக்கும் எனக் கொண்டு, ஏழு பாகையிலேயே எட்டிவிடும். ஊசல் மாறவில்லை, அளவையின் நுட்பம் மாறியது, எல்லையும் அதனோடு நகர்ந்தது.

ஒரு பாகையும் பெரிதாகும் இடம்

இந்த எல்லை எவ்வளவு சுருங்கும் என்பதைச் சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் கோல்டிங்காம் 1821ஆம் ஆண்டு ஊசலைக் கொண்டு அங்குள்ள புவியீர்ப்பை அளந்தார். புவி முழு உருண்டை அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எனவே g இடத்துக்கு இடம் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்தால் புவியின் வடிவத்தை அறியலாம் என்பதே இத்தகைய ஆய்வுகளின் நோக்கம்.

குறுக்குக்கோட்டை மட்டும் கொண்டு கணக்கிட்டால், சென்னையில் g 9.7830, தஞ்சையில் 9.7821. சென்னையில் நொடிக்கு ஒருமுறை துடிக்குமாறு அமைத்த ஊசலைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தால், ஒரு நாளில் அது ஏறத்தாழ 3.7 நொடி பின்தங்கும். அளக்க வேண்டியது இந்தச் சிறு வேறுபாடே.

இனி வீச்சினால் வரும் பிழையைப் பார்ப்போம். ஊசல் ஒரு பாகை மட்டுமே ஆடினாலும், θ₀²/16 தரும் திருத்தம் ஒரு நாளின் 86,400 நொடிகளில் 1.6 நொடியாகச் சேர்கிறது. ஒன்றரைப் பாகையில் அது 3.7 நொடி, அதாவது, சென்னைக்கும் தஞ்சைக்கும் உள்ள வேறுபாட்டுக்கே சமம். பள்ளி ஆய்வகத்தில் ஐயமின்றி ஏற்கப்படும் ஒன்றரைப் பாகை, இங்கே தேடும் விடையையே விழுங்கிவிடுகிறது.

இரண்டு ஊர்களிலும் ஒரே வீச்சில் ஆடவிட்டால் பிழை நீங்கிவிடாதா என்னும் வினா எழலாம். காற்றின் தடையால் வீச்சு இடைவிடாது குறைகிறது. குறையும் வேகமும் இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருக்கும் என உறுதி கூற இயலாது. ஆகவே ஊசலாய்வாளர்கள் தொடக்கத்திலும் முடிவிலும் வீச்சைக் குறித்துக்கொண்டு, மிகச் சிறிய வில்லில் ஆடினால் என்ன நேரம் கிடைக்குமோ அதற்கு மாற்றிக் கணக்கிட்டனர். அவர்கள் தோராயத்தைக் கைவிடவில்லை. அதன் பிழையை அளந்து கழித்துவிட்டுப் பயன்படுத்தினர்.

ஆதலின், சிறு கோணம் என்பதற்கு நிலையான பாகை எதுவும் இல்லை. தோராயத்தின் பிழை, அளவையின் ஐயத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை கோணம் சிறியது. அதைக் கடந்ததும், எண்ணளவில் எவ்வளவு குறைவாயினும், அக்கோணம் பெரியதே.

தெரியுமா?

தொண்ணூறு பாகைக்கு மேல் உயர்த்தி விடப்படும் கயிற்று ஊசலில் கயிறு தொய்ந்துவிடும். குண்டு வில்லின் வழியே செல்லாமல் கீழே விழத் தொடங்கும். அங்கே sin θ உள்ள முழுச் சமன்பாடும் பொருந்தாது. கயிற்றுக்கு மாறாக விறைப்பான தண்டு இருந்தால் சமன்பாடு பொருந்தும். 180 பாகையை நெருங்க நெருங்க அலைவு நேரம் எல்லையின்றி வளரும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு மீட்டர் ஊசலை 5°, 10°, 20°, 30° வீச்சுகளில் ஆடவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்து அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, T-யை θ₀²-க்கு எதிராக வரைபடம் வரைக.
2. உங்கள் கடிகாரத்தின் ஐயம் 0.1 நொடி எனில், இருபது அலைவுகளுக்குத் தோராயம் ஏற்புடையதாக இருக்கும் மிகப் பெரிய வீச்சைக் கணக்கிடுக.

மதிப்பீடு

1. அலைவு நேர வாய்பாட்டில் நிறை இடம்பெறாமைக்குக் காரணம் கூறுக.
2. தோராயத்தால் g எப்போதும் குறைவாகவே கிடைப்பது ஏன்? விளக்குக.
3. ‘ஒன்றரைப் பாகை சிறியதும் ஆகும், பெரியதும் ஆகும்’ – பாடத்தின்வழி நிறுவுக.