தலைமை ஆசிரியைக்கு எழுதும் மனு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் மகள் யாழினியின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் திருத்தச் சொல்லித் தலைமை ஆசிரியைக்குக் கொடுக்க நீ எழுதிய மனுவை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். அதில் ஒன்றேகால் பக்கத்துக்குக் கோபம்தான் இருக்கிறது. எந்தப் பதிவேட்டில் என்ன தவறு, சரியான பெயர் எது என்பது கடைசிப் பத்தியில் ஒரே வரி. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே.

நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சேர்க்கைப் பதிவேட்டில் கை வைக்க எந்தத் தலைமை ஆசிரியரும் தயங்குவார். ஆய்வுக்கு வரும் அதிகாரி திருத்தத்தைப் பார்த்ததும், "யார் திருத்தியது, எதை வைத்து?" என்றுதான் கேட்பார். அதற்கு விடையாகத் தலைமை ஆசிரியை எடுத்துக் காட்டப்போவது உன் மனுவையும் அதோடு இணைத்த சான்றையும்தான். இன்றைய தலைமை ஆசிரியை மாறுதலில் போய், உன்னையோ குழந்தையையோ தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினாலும் விஷயம் ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும். அவரை மனத்தில் வைத்து எழுது.

எழுதும் முன்பு மூன்று தாள்களைப் பார்த்துவிடு. முதலாவது பிறப்புச் சான்றிதழ். அதில் தமிழில் "யாழினி" என்றும் ஆங்கிலத்தில் Yazhini என்றும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார். அங்கேயே தவறு இருந்தால் பள்ளிக்குப் போய்ப் பயனில்லை. பிறப்பைப் பதிவு செய்த இடத்தில்தான் முதலில் திருத்த வேண்டும். கிராமமானால் கிராம நிர்வாக அலுவலர், நகரமானால் நகராட்சி அல்லது மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளர். பள்ளி பிறப்புச் சான்றிதழைப் பின்பற்றலாமே தவிர, அதற்கு மேலே போய் ஒரு பெயரை எழுத முடியாது.

இரண்டாவது ஆதார். அதில் வேறு எழுத்து இருந்தால், பள்ளியில் திருத்திய பிறகும் சிக்கல் தொடரும். ஆதாரில் இருப்பதும் பள்ளிப் பதிவில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் மாணவர்களுக்கான அபார் எண் உருவாகாமல் நின்றுவிடும். ஆதாரில் பெயர் திருத்தத்துக்கு வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு என்பதால் பிறப்புச் சான்றிதழை வைத்து ஒரே முறையில் சரியாகச் செய்துவிடு.

மூன்றாவது தாளை நீ நினைத்தே பார்த்திருக்க மாட்டாய். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று கொடுத்த சேர்க்கை விண்ணப்பம். அது பள்ளியில் இருக்கும். காட்டச் சொல்லிக் கேள். உன் மனுவில் "தங்கள் ஆசிரியரின் கவனக்குறைவால்" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீ வேலைக்குப் போய்விட்டாய், குழந்தையை அழைத்துப் போனது உன் மாமியார். அவர் பெயரைச் சொல்லியிருப்பார், பக்கத்தில் இருந்த யாரோ விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்திருப்பார்கள். அந்தத் தாளிலேயே "யாளினி" என்று இருந்து, கீழே உங்கள் வீட்டார் கையெழுத்தும் இருந்தால் உன் குற்றச்சாட்டு என்ன ஆகும்? தவறு யாருடையது என்று மனுவில் எழுதவே வேண்டாம். திருத்தத்துக்கு அது தேவையும் இல்லை.

இனி மனுவைப் பார்ப்போம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். கோடிட்ட இடங்களை நீ நிரப்பிக்கொள்.

*அனுப்புநர்: (உன் பெயர், முழு முகவரி, கைபேசி எண்)*

*பெறுநர்: தலைமை ஆசிரியை அவர்கள், (பள்ளியின் பெயர், ஊர்)*

*பொருள்: நான்காம் வகுப்பு மாணவி மு. யாழினி – பள்ளிப் பதிவேடுகளில் பெயர்ப் பிழையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.*

*மதிப்பிற்குரிய அம்மா,*

*என் மகள் தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு அ பிரிவில் படித்து வருகிறாள். அவளது சேர்க்கை எண் ______. எமிஸ் எண் ______. பிறந்த தேதி ______.*

*சேர்க்கைப் பதிவேட்டில் அவளது பெயர் "மு. யாளினி" என்றும், எமிஸ் இணையப் பதிவில் ஆங்கிலத்தில் "Yalini M" என்றும் உள்ளது. பிறப்புச் சான்றிதழின்படி (பதிவு எண் ______, நாள் ______) அவளது சரியான பெயர் தமிழில் "யாழினி", ஆங்கிலத்தில் "Yazhini". தந்தையின் பெயர் முருகன். முதலெழுத்து தமிழில் "மு", ஆங்கிலத்தில் "M". ஆதார் அட்டையிலும் பெயர் இவ்வாறே உள்ளது.*

*எனவே சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, எமிஸ் பதிவு ஆகியவற்றிலும், இவற்றை வைத்துப் பள்ளி பராமரிக்கும் பிற பதிவுகளிலும் பெயரை "மு. யாழினி" (Yazhini M) என்று திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் முதலிய மற்ற விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லை.*

*இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல். அசல்களை நேரில் காட்டுகிறேன்.*

*இடம், நாள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, (கையொப்பம்)*

அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. இதில் சில வரிகளுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன். தவறான பெயரை உள்ளது உள்ளபடி மனுவில் எழுத வேண்டும். உன் மனுவில் "என் மகள் பெயர் தப்பாக இருக்கிறது" என்று மட்டும் இருந்தது. அதே வகுப்பில் இன்னொரு யாழினி இருந்தால் எழுத்தர் யாரைத் தேடுவார்? சேர்க்கை எண்ணும் தவறான பெயரும் சேர்ந்தால்தான் பதிவேட்டில் அந்த வரி அகப்படும்.

முதலெழுத்தைத் தனியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. சிலர் தமிழில் "எம். யாழினி" என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலும் ஆளுக்கு ஒரு வழக்கம். ஒருமுறை தீர்மானித்து எல்லாத் தாளிலும் அதையே வைத்துக்கொள். "மற்ற விவரங்களில் மாற்றம் இல்லை" என்ற வரி தலைமை ஆசிரியையின் மனத்தை லேசாக்கும். பெயர்த் திருத்தம் என்று வந்து பிறந்த தேதியையும் நகர்த்தப் பார்க்கும் பெற்றோர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

உன் கணவர் எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டலாம் என்று சொல்வதாக எழுதியிருந்தாய். அதை இந்த மனுவில் கலக்காதே. சான்றிதழில் இருப்பதைப் பதிவேட்டில் கொண்டுவருவது திருத்தம். சான்றிதழில் இல்லாத எழுத்தைச் சேர்ப்பது பெயர் மாற்றம். அதற்கு அரசிதழில் வெளியிடும் வழி தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் கேட்டால் இரண்டுமே நடக்காது. என்னைக் கேட்டால் அந்த எழுத்தே வேண்டாம்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போ. ஒன்றை அவர்களிடம் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமும் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கு. ஜூன் மாதச் சேர்க்கை நெரிசலிலும் ஆண்டுத் தேர்வு நேரத்திலும் போகாதே.

பதிவேட்டில் எப்படித் திருத்துகிறார்கள் என்பதைக் கவனி. பழைய பெயரின் மீது ஒற்றைக் கோடு போட்டு, அது இன்னும் படிக்கும்படி இருக்க, மேலேயோ ஓரத்திலோ சரியான பெயரை எழுதி, எந்தச் சான்றின்படி என்று குறித்து, தலைமை ஆசிரியை தேதியோடு கையொப்பம் இட வேண்டும். வெள்ளை மை பூசி மேலே எழுதினாலோ, "ள" மேலேயே "ழ" போட்டு அழுத்தினாலோ பிற்காலத்தில் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் பதிவாளர்களுக்கு இதைப் போன்ற முறையைத்தான் விதிக்கிறது: மூலப் பதிவை மாற்றாமல் ஓரத்தில் குறிப்பு எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும்.

பதிவேட்டில் திருத்திவிட்டார்கள் என்று திருப்தியாகத் திரும்பி வந்துவிடாதே. மாற்றுச் சான்றிதழ் முதல் தேர்வுப் பட்டியல் வரை இன்று எல்லாவற்றுக்கும் எமிஸ் பதிவுதான் மூலம். பதிவேட்டில் "யாழினி", திரையில் "Yalini" என்று நின்றுவிட்டால் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது பழைய தவறு அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பத்து நாள் கழித்து வகுப்பாசிரியரிடம் எமிஸில் குழந்தையின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி, தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டையும் உன் கண்ணால் பார்.

நாலாம் வகுப்பிலேயே இதைக் கவனித்தது நல்லதாயிற்று. பிள்ளை அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்வரை இது தலைமை ஆசிரியர் அளவில் முடிகிற வேலை. பள்ளியை விட்டுப் போனபின் மேலதிகாரியின் உத்தரவு கேட்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். அதனால் அவள் பத்தாம் வகுப்புக்குப் போகும் ஆண்டிலும், தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லும்போது கையெழுத்துப் போடும் முன் இன்னொரு முறை படித்துப் பார்.

கடைசியாக ஒன்று. சின்னவனை வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறாய். அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் இன்றே எடுத்துப் பார். பிறந்தபோது பெயர் வைக்காததால் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அது தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அதை இந்த மாதமே முடித்துவிட்டு, சேர்க்கை அன்று நீயே நேரில் போய் விண்ணப்பத்தை உன் கையால் எழுதிக் கொடு.

அன்புடன்,
பெரியப்பா