உளியைத் தொடும் முன் கேட்க வேண்டியவை



கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, அந்தப் பெயரில் விற்கப்படும் சிற்பம் இந்த வட்டாரத்தில், இங்குள்ள மரபுப்படி செதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டக் காப்பு உண்டு. அத்தகைய சிற்பங்களைச் செதுக்கும் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்பவர், முதல் வாரத்தில் வேலை கேட்பதற்கு முன்பாக மரம், அளவு, ஆள் ஆகிய மூன்றையும் பற்றிக் கேட்டறிவது நல்லது. ஏனெனில், மண்ணில் உருவம் வனைபவர் தவறாக எடுத்ததைத் திரும்ப அப்பிக்கொள்ளலாம், மரத்தில் செதுக்குபவருக்கோ அந்த வழி இல்லை.

முதல் கேள்வி, கட்டை எந்த மரம், எப்போது அறுக்கப்பட்டது, அதில் நடுக்கரு இருக்கிறதா என்பது. நடுக்கரு என்பது அடிமரத்தின் நட்டநடுவில் உள்ள மென்மையான பகுதி. ஈரம் உலரும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்குகையில், நடுவை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வளையங்களின் போக்கில் சுருங்குகிறது. ஆகவே நடுக்கரு அடங்கிய கட்டை, வெளிப்புறத்திலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கிறது. அறுத்த முனையில் வளையங்கள் முழு வட்டமாகத் தெரிந்தால் நடுக்கரு உள்ளே இருக்கிறது என்றும், வில்போல் வளைந்து ஓரத்தில் முடிந்தால் இல்லை என்றும் பார்த்த அளவிலேயே சொல்லிவிடலாம்.

அருகிலுள்ள கல்வராயன் மலையின் குளிர்ந்த காற்றில் கிடந்த கட்டை சமவெளியின் வெயிலுக்கு வந்தவுடன் முனைகள் முந்திக்கொண்டு உலர்ந்து வெடிக்கும் என்பதால், முனைகளில் வண்ணமோ மெழுகோ பூசி நிழலில் அடுக்கிவைப்பது வழக்கம். வாரந்தோறும் ஒரே கட்டையை எடைபோட்டு, எடை குறைவது நின்றுவிட்டதைக் கண்ட பிறகே அது செதுக்கத் தக்கது எனக் கொள்ளலாம். மலையில் காப்புக்காடுகள் பரந்திருப்பதால், அந்த மரம் வாங்கியதற்கான ரசீதும், தேவைப்படும் மரத்திற்கு வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டும் எங்கே உள்ளன என்பதையும் இதே வேளையில் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி, வாடிக்கையாளர் சொன்ன உயரம் எங்கிருந்து எதுவரை என்பது. சிற்ப நூல்களில் அங்குலம் என்பது அடிக்கோலின் அங்குலம் அன்று, உருவத்தின் மொத்த உயரத்தைப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் உச்சி முதல் உள்ளங்கால்வரை 124 கூறுகள். தாலம் என்பது முகத்தின் நீளத்தை அடியாகக் கொண்ட அளவு. உருவம் 62 சென்டிமீட்டர் என்றால் ஒரு கூறு 5 மில்லிமீட்டர் ஆகிறது. உச்சிக்கு 4, முகத்திற்கு 13½, கழுத்திற்கு 4, அதன்கீழ் மார்பு, நாபி, இடையின் அடி என மூன்று பகுதிகளுக்குத் தலா 13½ என்று கூட்டினால் 62 கூறு வரும். தொடைக்கு 27, முழங்காலுக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்திற்கு 4 என்று கூட்டினாலும் அதே 62. எனவே முகம் 6.75 சென்டிமீட்டர், தொடை 13.5 சென்டிமீட்டர் ஆகும்; இடையின் அடி சரிபாதியில் விழவில்லையென்றால் கோடு பிழைத்தது என்று உளி படுவதற்கு முன்பே தெரிந்துவிடும். உச்சிக்கு மேல் எழும் கிரீடமும் பீடமும் இந்த 124இல் சேராதவை. வாடிக்கையாளர் பீடத்தையும் சேர்த்தே 62 என்று சொல்லியிருந்தால் எல்லாக் கூறுகளும் சிறுத்துவிடும் என்பதால், இந்த ஒன்றைக் கேட்காமல் விடுவது வாரக்கணக்கான வேலையை வீணாக்கும்.

மூன்றாவது கேள்வி, எந்தக் கோட்டில் யாருக்காக நிறுத்த வேண்டும் என்பது. கட்டையில் கோடு போடுபவர், உருவத்தைப் புடைத்தெடுப்பவர், முகம் திருத்துபவர் என வேலை பிரிந்திருக்கும் இடத்தில், முன்னவர் கொஞ்சம் சதையை விட்டுவைத்தால்தான் பின்னவர் திருத்த முடியும். மூக்கைப் பெரிதாகவும் கண்ணைச் சிறிதாகவும் விடுவது இதனால்தான்; பெரிய மூக்கைக் குறைக்கலாம், சிறிய கண்ணை அகலமாக்கலாம், இரண்டையும் மறுதலையாகச் செய்ய இயலாது. எத்தனை மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும், எவருடைய உளியைத் தொடலாம், அதை எந்தச் சாய்வில் யார் தீட்டுகிறார் என்பதெல்லாம் இந்தக் கேள்வியோடு சேர்ந்தவை. செதுக்கிய இடம் பளபளத்தால் உளி கூர்மையாக உள்ளது; நார் நசுங்கி மங்கித் தெரிந்தால் அது சாணைக்குப் போக வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளை முதல் வாரத்திலேயே ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, மூத்த கலைஞரிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்துக்கொண்ட பிறகே இளம் கலைஞர் முதல் வெட்டை வெட்ட வேண்டும்.